பால்மறப்பும் பிள்ளையின் உயரமும்: காரணம் எது, காரியம் எது?

1988ஆம் ஆண்டில், இலண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செற்' என்னும் மருத்துவ சஞ்சிகையில் கானா நாட்டுப் பிள்ளைகள் பற்றிய கட்டுரையொன்று வெளியாயிற்று. நீண்டகாலம் தாய்ப்பால் அருந்துதல் பிள்ளையின் போசணை நிலையைப் பாதிக்கின்றதா என்பதே அதன் வினா. பால் குடிப்பதை நிறுத்தாத பிள்ளைகள் ஏனைய உணவைக் குறைவாகவே உண்கின்றனர் என்றும், பால் மறக்கச் செய்தபின் அவர்கள் உண்ணும் அளவு கூடுகின்றது என்றும் அதன் ஆசிரியர்கள் எடுத்துக்காட்டினர். ஆபிரிக்க, ஆசிய நாடுகள் சிலவற்றில் எடுக்கப்பட்ட ஏனைய கணக்கெடுப்புகளும் இதனையே வேறு வகையிற் கூறின. இரண்டாம் வயதிலும் பால் குடிக்கும் பிள்ளைகள், அதே வயதில் பால் மறந்த பிள்ளைகளிலும் பார்க்கக் கட்டையாக இருந்தனர்.

பால் குடிக்கிற பிள்ளை சோறு தின்னாது என்று நம் ஊர்களில் முதியவர்கள் சொல்வது இக்கருத்துடன் பெரிதும் ஒத்துப்போகின்றது. ஆகவே பாலை நிறுத்தினால் பிள்ளை உண்ணும், உண்டால் வளரும் என்ற முடிவு எளிதிற் பிறந்துவிடுகின்றது. ஏழைத் தாயொருத்திக்கு இவ்வாலோசனை வழங்கப்படுமாயின், அவளிடம் விலையின்றிக் கிடைக்கும் ஒரேயோர் உயர்தர உணவை நிறுத்தும்படி கூறுகின்றோம் என்பதே அதன் பொருள். எனவே, நீண்ட பாலூட்டலையும் குறைந்த உயரத்தையும் இணைப்பது எது என்பதை நாம் இங்கு சற்று நிதானமாக நோக்க விரும்புகின்றோம்.

முதலில் ஒரு கற்பனைக் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பன்னிரண்டு மாதம் நிரம்பிய இரு பெண்பிள்ளைகள் உள்ளனர். ஒருத்தியின் நீளம் 74 சென்ரிமீற்றர். உலக சுகாதார ஸ்தாபனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி நியமங்களின்படி அவ்வயதுப் பெண்பிள்ளையின் நடு அளவு அதுவே. மற்றவளின் நீளம் 70 சென்ரிமீற்றர். அவள் அடிக்கடி வயிற்றோட்டத்தால் வருந்தியவள், உணவை மறுப்பவள். முதற் பிள்ளையின் தாய், "இவள் தேறிவிட்டாள், இனிப் பால் வேண்டாம்" எனக் கருதிப் பதினான்காம் மாதத்திற் பாலை நிறுத்துகின்றாள். இரண்டாம் பிள்ளையின் தாய்க்கு அத்துணிவு வரவில்லை. நோஞ்சானாகிய பிள்ளை பாலையாவது குடிக்கட்டும் என்று இருபத்தாறாம் மாதம் வரை கொடுக்கின்றாள். அடுத்த ஓராண்டில் முதலாமவள் 12 சென்ரிமீற்றர் வளர்கின்றாள் எனவும், பாலின் துணையால் இரண்டாமவள் 12.5 சென்ரிமீற்றர் வளர்கின்றாள் எனவும் கொள்வோம்.

இருவரும் இரண்டு வயதை எட்டும்போது கணக்கெடுப்பாளர் ஒருவர் அக்கிராமத்துக்கு வருகின்றார். பால் மறந்த பிள்ளையின் நீளம் 86. பால் குடிக்கும் பிள்ளையின் நீளம் 82.5. பால் குடிப்பவள் 3.5 சென்ரிமீற்றர் கட்டை என அவர் குறித்துச் செல்கின்றார். இத்தகைய பிள்ளைகள் இருநூறு பேரை அளந்தாலும் இதே விடைதான் கிடைக்கும். புள்ளிவிபரச் சோதனைகளும் அவ்வேறுபாடு தற்செயலானதன்று என உறுதிசெய்யும். ஆயினும் உண்மையில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. நான்கு சென்ரிமீற்றராக இருந்த குறையைப் பால் அரைச் சென்ரிமீற்றர் குறைத்திருக்கின்றது. பிள்ளையின் குறுமை பாலூட்டலை நீட்டியதேயன்றிப் பாலூட்டல் பிள்ளையைக் குறுக்கவில்லை. காரியமே காரணமாகத் தோற்றமளிக்கும் இந்நிலையை ஆய்வாளர் தலைகீழ்க் காரணத்தொடர்பு என்பர்.

மேற்கூறியது கற்பனையே எனினும், தாய்மார் உண்மையில் இவ்வாறுதான் முடிவெடுக்கின்றனரா என்பது சோதித்தறியக்கூடிய விடயம். அச்சோதனை தென்னமெரிக்காவிலும் மேற்காபிரிக்காவிலும் நிகழ்ந்துள்ளது.

பெரு நாட்டின் தலைநகராகிய லீமாவின் புறத்தே வறியோர் குடியேறி வாழும் பகுதியொன்றில், கிரேஸ் மார்க்கிஸ், ஹபிஷ் முதலியோர் நடத்திய ஆய்வு 1997இல் வெளிவந்தது. அவர்கள் பிள்ளைகளைப் பிறந்த காலந்தொட்டே தொடர்ந்து அவதானித்தனர். பன்னிரண்டாம் மாதத்திலும் பால் குடித்துக்கொண்டிருந்த 134 பிள்ளைகளை இவ்வினாவுக்கெனத் தெரிந்தெடுத்தனர். பிள்ளை என்ன உண்டது, எத்தனை நாள் வயிற்றோட்டத்தால் வருந்தியது, எவ்வளவு வளர்ந்தது என்பன யாவும் பால் மறப்புக்கு முன்னரே அவர்கள் கையில் இருந்தன. இம்முன்பின் ஒழுங்கே அவ்வாய்வின் வலிமை. ஒருமுறை மட்டும் சென்று அளந்துவருபவரிடம் அது இருப்பதில்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் லீமாவிலும் மிகுந்த பாலூட்டலும் குறைந்த வளர்ச்சியும் சேர்ந்தே காணப்பட்டன. ஆனால் அத்தொடர்பு எல்லாப் பிள்ளைகளிடத்தும் இருக்கவில்லை. குறைவாக உண்டு, அதிகமாக வயிற்றோட்டத்துக்கு ஆளான பிள்ளைகளிடம் மட்டுமே அது தென்பட்டது. அத்தகைய பிள்ளைகளுக்கே தாய்மார் பாலை நிறுத்தத் தயங்கினர் என்பதும் முன்னைய பதிவுகளிலிருந்து புலனாயிற்று. அதே பிள்ளைகளைப் பற்றிய மற்றொரு கட்டுரை நம் கவனத்துக்குரியது. இறைச்சி, மீன், முட்டை, விலங்குப்பால் முதலிய விலங்குணவுகளைச் சிறிதளவே பெற்ற பிள்ளைகளிடையே தாய்ப்பால் நீள வளர்ச்சிக்குத் துணைபுரிந்தது. அவ்வுணவுகளைப் போதியளவு பெற்றவர்களிடத்து அப்பயன் தெளிவாகத் தெரியவில்லை. இது வியப்புக்குரியதன்று. வறிய வீட்டிலே பிள்ளைக்குக் கிடைக்கும் விலங்குணவு தாய்ப்பாலே. அது போய்விட்டால் அதன் இடத்துக்கு வருவது பெரும்பாலும் முட்டையன்று, கஞ்சியேயாகும்.

செனகல் நாட்டின் நியாக்கார் பகுதியிலே சிமொன்டொன் என்பவரும் அவருடைய சகபாடிகளும் தாய்மாரிடமே காரணத்தைக் கேட்டனர். 2001இல் வெளியான அவ்வாய்வில், முந்திப் பால் மறக்கச் செய்த தாய்மார் பிள்ளை உயர்ந்து திடமாக இருந்தமையையும், பிந்தியவர்கள் பிள்ளை சிறியதாய், பலவீனமாய் இருந்தமையையும் காரணங்களுள் எடுத்துரைத்தனர். அதே பகுதியில் அடைந்த உயரத்தை விடுத்து, குறித்த காலத்துள் ஏற்பட்ட வளர்ச்சியை மட்டும் ஒப்பிட்டபோது, நீண்டகாலம் பால் குடித்த பிள்ளைகளின் நீள வளர்ச்சியே மேம்பட்டிருந்தது. நமது கற்பனைக் கிராமத்தில் நாம் கண்டதும் இதுவே. தாய்மார் தம் பிள்ளைகளை ஆய்வாளரிலும் கூர்மையாக அளந்துகொண்டிருந்தனர் என்பதை ஆய்வுலகம் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தது.

அவ்வாறாயின் பாலூட்டலை நீட்டினால் பிள்ளை உயர்ந்து வளருமா? இதற்கு விடைகாண அவதானம் மட்டும் போதாது. எவர் நீண்டகாலம் பாலூட்டுவார் என்பதைத் தாயின் முடிவுக்கு விடாது, எழுமாற்றாகத் தீர்மானிக்கும் பரிசோதனை வேண்டும். பாலூட்டாதே என எந்தத் தாய்க்கும் ஆய்வாளர் கட்டளையிட முடியாதாகையால், பெலாருஸ் நாட்டிலே கிரேமரும் அவர் குழுவினரும் வேறொரு வழியைக் கைக்கொண்டனர். 1996, 1997ஆம் ஆண்டுகளில் 31 பிரசவ மருத்துவமனைகளை எழுமாற்றாக இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் தாய்ப்பாலூட்டலை ஊக்குவிக்கும் பயிற்சியைப் புகுத்தினர். மறுபிரிவில் வழமையான நடைமுறை தொடர்ந்தது. 17,000க்கு மேற்பட்ட சிசுக்கள் இதில் அடங்கினர். மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் அருந்தியோர் ஊக்குவித்த பிரிவில் 43 வீதத்தினர். மற்றதில் 6 வீதத்தினரே. இத்துணைப் பெரிய வேறுபாட்டைப் பரிசோதனை மூலம் உண்டாக்கியமை அருஞ்செயலே. குடல் தொற்றுகள் குறைந்தன, தோலழற்சியும் குறைந்தது. ஆனால் ஆறரை வயதில் அப்பிள்ளைகளை மீண்டும் அளந்தபோது, இரு பிரிவினரின் உயரத்துக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இம்முடிவை அதன் எல்லைக்குள் வைத்தே நாம் கொள்ளல் வேண்டும். பெலாருஸ் நாட்டில் தூய நீரும் இலவச மருத்துவமும் உண்டு; பால் நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு வேறு உணவு கிடைத்தது. மேலும் அங்கு ஒப்பிடப்பட்டோர் அனைவரும் தொடக்கத்திற் பால் குடித்தவர்களே. ஆகவே தூய சூழலில், போதிய மாற்றுணவு உள்ளவிடத்து, பாலூட்டும் காலத்தின் நீட்சி உயரத்தை மாற்றாது என்பதே அதிலிருந்து பெறத்தக்கது. நியாக்காரிலும் லீமாவிலும் பாலுக்கு இருந்த பணி வேறு.

இனித் திண்ம உணவு தொடங்கும் காலத்துக்கு வருவோம். உலக சுகாதார ஸ்தாபனம் 2001ஆம் ஆண்டுவரை நான்கு முதல் ஆறு மாதம் எனக் கூறி, அதன்பின் ஆறு மாதம் என வரையறுத்தது. நான்காம் மாதத்திலேயே தொடங்கினால் வளர்ச்சி மேம்படும் என்று நம்பியோர் பலர். ஹொண்டூராஸ் நாட்டில் கொஹென், பிரவுண், டியூவி ஆகியோர் 1994இல் வெளியிட்ட பரிசோதனை இந்நம்பிக்கையைச் சோதித்தது. 141 சிசுக்களில் ஒரு பகுதியினர் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் பெற்றனர். ஏனையோருக்கு நான்காம் மாதத்திலிருந்தே, தொழிற்சாலையில் தூய்மையாகத் தயாரித்துப் போத்தலில் அடைத்த உணவு வழங்கப்பட்டது. அந்த உணவைப் பெற்றவர்கள் ஏறத்தாழ அதற்கீடான அளவு பாலைக் குறைத்துக் குடித்தனர். உட்கொண்ட மொத்தச் சக்தி மாறவில்லை, நீளமும் மாறவில்லை. கிடைத்தது மாற்றீடேயன்றி மேலதிகமன்று. போத்தலிலடைத்த தூய உணவுக்கே விளைவு இதுவாயின், அசுத்த நீரிற் கரைத்த மாவை நான்காம் மாதத்தில் ஊட்டுவதால் வருவது வயிற்றோட்டமேயன்றி உயரமன்று.

ஆறு மாதத்துக்குப் பின்னர் நிலைமை மாறுகின்றது. ஈண்டுச் சிறிது கணக்குப் பார்த்தல் பயனுடையது. வளர்முக நாடுகளிலே தாய்ப்பாலைச் சராசரி அளவிற் பெறும் பிள்ளைக்கு ஏனைய உணவிலிருந்து வேண்டிய சக்தி, ஆறு முதல் எட்டு மாதத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கிலோகலோரி. ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் 300. இரண்டாம் வயதில் 550. இவை உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடுகள். எட்டுக் கிலோகிராம் நிறையுள்ள பத்துமாதப் பிள்ளையின் இரைப்பை ஒருவேளைக்கு ஏறத்தாழ 240 மில்லிலீற்றரையே கொள்ளும். நீர்த்த அரிசிக்கஞ்சியில் 100 மில்லிலீற்றருக்கு 40 கிலோகலோரி உண்டெனக் கொண்டால், வயிறு முட்டக் குடித்தாலும் ஒருவேளைக்கு 100 கிலோகலோரியைத் தாண்டாது. 300ஐ எட்ட மூன்று வேளையும் ஒரு துளி சிந்தாமல் வயிறு நிரம்பக் குடித்தல் வேண்டும். எந்தப் பத்துமாதப் பிள்ளை அவ்வாறு உண்ணும்? பாதியை உண்டு மீதியைத் துப்பும் பிள்ளைக்குக் கிடைப்பது 150. தாய்ப்பாலிலோ 100 மில்லிலீற்றருக்கு 65 முதல் 70 கிலோகலோரி உண்டு. ஆகவே பாலை நிறுத்தி அக்கஞ்சியைக் கூட்டுதல், செறிந்த உணவை எடுத்து நீர்த்த உணவை வைப்பதாகும். கரண்டியிலிருந்து வழியாத பதத்தில் பருப்பும் எண்ணெயும் சேர்த்து மசித்த சோற்றில் இதே கொள்ளளவில் இருமடங்கு சக்தியைப் பெறலாம். திண்ம உணவு எம்மாதத்தில் தொடங்கியது என்று மட்டும் வினவும் படிவங்களில் இச்செறிவு பதிவாவதில்லை. ஆறாம் மாதத்தில் தொடங்கியதாகப் பதிந்த இரு பிள்ளைகளுள் ஒன்று இரண்டாம் வயதுவரை கஞ்சியிலேயே நின்றிருக்கவும் கூடும்.

இக்காலத்துக்குரிய உணவு உயரத்தை மாற்றவல்லது என்பதற்குக் குவாத்தமாலாவிலிருந்து நல்ல சான்றுண்டு. 1969 முதல் 1977 வரை, கிழக்குக் குவாத்தமாலாவின் நான்கு கிராமங்களில் மத்திய அமெரிக்க, பனாமா போசணை நிறுவனம் ஒரு பரிசோதனையை நடத்தியது. இரு கிராமங்களில் பாற்பொடியும் தாவரப் புரதக் கலவையும் சேர்த்த 'அத்தோலே' என்னும் கூழும், மற்றை இரண்டில் 'ஃபிரெஸ்கோ' என்னும் புரதமற்ற இனிப்புப் பானமும் நாள்தோறும் வழங்கப்பட்டன. மூன்று வயதில் அத்தோலே பெற்ற பிள்ளைகள் ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் மேம்பட்டிருந்தனர். அம்மேம்பாடு குறைந்த அளவிலேனும் வாலிபப் பருவம்வரை தொடர்ந்தது. மேலதிகமாகப் பெற்ற ஒவ்வொரு 100 கிலோகலோரிக்கும் முதலாண்டில் ஏறத்தாழ 9 மில்லிமீற்றரும், இரண்டாம் ஆண்டில் 5 மில்லிமீற்றரும் கூடுதலாக வளர்ந்தனர். மூன்றாம் வயதுக்குப்பின் அதே கூழ் உயரத்தைக் கூட்டவில்லை. காலம் என்பது முக்கியமாவது இவ்விடத்திலேயே. கிராமங்கள் நான்கே என்பதும், கூழிற் புரதம், கனியுப்பு யாவும் கலந்திருந்தமையால் பயன் எதனால் வந்ததெனப் பிரித்தறிய இயலாது என்பதும் இதன் குறைபாடுகள்.

ஒரே உணவு எங்கும் ஒரே பயனைத் தரும் என நம்புதலும் தவறாகும். ஈக்குவடோர் நாட்டில் ஆறு முதல் ஒன்பது மாதப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு முட்டை வீதம் ஆறு மாதம் வழங்கியபோது நீள வளர்ச்சி வெகுவாக மேம்பட்டதென 2017இல் அறிக்கை வெளியாயிற்று. அதனையே மலாவியிற் செய்துபார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வில் நீளத்தில் மாற்றம் காணப்படவில்லை. மலாவிப் பிள்ளைகள் ஏற்கெனவே மீன் உண்டுவந்தனர் என்பது கூறப்படும் காரணங்களுள் ஒன்று. இல்லாததைக் கொடுத்தாற் பயன் தெரியும். இருப்பதன்மேல் கொடுத்தால் தெரியாது. தாய்ப்பால் பற்றி லீமாவிற் கண்டதும் இதே வடிவினதே.

நமது நாட்டுக்கும் இவ்விவாதம் அந்நியமன்று. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுக்களில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டும் பெற்றனர். இரண்டாம் வயதிலும் பாலூட்டல் பரவலாகத் தொடர்கின்றது. இருப்பினும் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர். நுவரெலியா மாவட்டத்தில் இது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. யாவரும் செய்யும் ஒன்றைக்கொண்டு ஒரு மாவட்டத்துக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க முடியாது. மலையகத் தாயின் உயரம், அவள் கருவுற்ற காலத்து உணவு, பிள்ளையின் பிறப்பு நிறை, அவள் கொழுந்து பறிக்கச் சென்றபின் பிள்ளைமடுவத்தில் பிள்ளைக்குப் பகலில் எத்தனை முறை, என்ன பதத்தில் உணவு ஊட்டப்படுகின்றது என்பன அங்கு தேடவேண்டியவை. நாட்சம்பளத்தில் ஒரு முட்டைக்கு இடமுண்டா என்பதும் அவற்றுள் அடங்கும். மலையகத்திலே பால் மறவாத பிள்ளைகள் கட்டையாக இருப்பதாக நாளை ஓர் ஆய்வேடு கூறுமாயின், அப்பிள்ளைகளின் பன்னிரண்டாம் மாத நீளம் என்ன என்று நாம் முதலிற் கேட்டல் வேண்டும். அவ்விபரம் வேறெங்கும் தேடவேண்டியதன்று. கிளினிக்கில் முறையாக அளந்து பதிந்திருப்பின், தாய் பத்திரப்படுத்திவைத்திருக்கும் பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டிலேயே அது இருக்கும்.

அவ்வாறு தேடுவோர் அளவைமுறையையும் கவனித்தல் வேண்டும். இரண்டு வயதுவரை பிள்ளையைப் பலகையிற் கிடத்தியும், அதன்பின் நிறுத்தியும் அளப்பது வழக்கம். ஒரே பிள்ளையைக் கிடத்தி அளந்தால், நிறுத்தி அளப்பதிலும் ஏறத்தாழ 0.7 சென்ரிமீற்றர் கூடுதலாக வரும். நமது கற்பனைக் கிராமத்தில் பால் தந்த பயனோ அரைச் சென்ரிமீற்றர். ஒரு பிரிவினரைக் கிடத்தியும் மறுபிரிவினரை நிறுத்தியும் அளந்துவிட்டால், தேடிய பயன் அளவுகோலின் பிழைக்குள்ளேயே மறைந்துபோகும்.